பள்ளிவாசலின் நான்கு உறுப்புகள்: மிஹ்ராப், குப்பா, மினாரா, முற்றம் எதற்காக?

பள்ளிவாசல் என்றதும் பச்சை வண்ணக் குவிமாடமான குப்பாவும் இரண்டு மினாராக் கோபுரங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் பொருந்தாது என்பது தெரியும். அங்கே கருங்கல் தூண்களும் அவற்றின் மேல் தட்டையான கல்கூரையும் இருக்கின்றன. தூணில் பூவும் கொடியும் செதுக்கியிருப்பார்கள், மனித உருவம் இருக்காது. குப்பாவும் மினாராவும் இல்லாமலே நூற்றாண்டுகளாக அங்கே தொழுகை நடந்து வருகிறது. தொழுகைக்குக் கட்டாயமாக வேண்டியவை சுத்தமான தரையும் சரியான திசையும்தான். மற்றவை எல்லாம், வரிசையாக நின்று தொழும் ஒரு கூட்டத்துக்கு ஏற்படும் சில்லறைச் சிக்கல்களைத் தீர்க்க வந்தவை. இடம், குரல், வெயில், தண்ணீர் என்று அந்தச் சிக்கல்களைப் பார்த்தாலே ஒவ்வோர் உறுப்பும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

எல்லாம் சஃப்பில் தொடங்குகிறது

ஜமாஅத்தாகத் தொழுபவர்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்கிறார்கள். இந்த வரிசைதான் சஃப்பு. ஒருவருக்கு அகலத்தில் ஏறத்தாழ 2 அடி வேண்டும். நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்ய ஆழத்தில் 4 அடி வேண்டும். ஆகவே 40 அடிக்கு 40 அடி உள்ள கூடத்தில் சஃப்புக்கு 20 பேராக 10 சஃப்புகள், மொத்தம் 200 பேர் நிற்கலாம். முதல் சஃப்பில் நிற்பதற்குச் சிறப்பு உண்டு என்பதால் கூடம் நீண்டு உள்ளே போவதைவிடப் பக்கவாட்டில் அகன்றிருப்பது நல்லது. மனையில் இடம் இருந்தால் 50 அடி அகலம், 32 அடி ஆழம் என்று கட்டுங்கள். அதே பரப்பில் சஃப்புக்கு 25 பேர் நிற்கலாம், கடைசி சஃப்பும் இமாமுக்கு நெருக்கமாக வந்துவிடும்.

இந்த சஃப்புகள் எல்லாம் கிப்லாவை, அதாவது மக்காவில் உள்ள கஃபாவின் திசையை, நோக்க வேண்டும். முஸ்லிம்கள் முதலில் ஜெருசலேமை நோக்கித் தொழுதார்கள். 624-இல் திசை மக்காவுக்கு மாறியது. அந்தத் திசையைக் காட்டும் சுவர் கிப்லாச் சுவர். அந்தச் சுவரின் நடுவில் உள்குழிந்த மாடம் மிஹ்ராப்.

மிஹ்ராப்: ஒரு சஃப்பை மிச்சப்படுத்தும் மாடம்

இதை மூலஸ்தானம் போல நினைப்பவர்கள் உண்டு. மிஹ்ராபுக்குள் எந்தப் பொருளும் வைக்கப்படுவதில்லை, யாரும் அதை வணங்குவதும் இல்லை. நபிகள் காலத்து மதீனாப் பள்ளியில் குழிந்த மிஹ்ராபே கிடையாது. பேரீச்ச மரத் தூணும் ஓலைக் கூரையுமாக இருந்த எளிய கட்டடம் அது. உமையா கலீஃபா வலீத் காலத்தில், 707-709 வாக்கில் அந்தப் பள்ளியைப் பெரிதாகக் கட்டியபோதுதான் உள்குழிந்த மாடம் வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

மிஹ்ராபின் முதல் வேலை திசை காட்டுவது. வெளியூர்க்காரர் ஒருவர் யாருமில்லாத நேரத்தில் பள்ளிக்குள் வந்தால், எந்தப் பக்கம் திரும்பித் தொழ வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது வேலையைப் பலரும் கவனிப்பதில்லை. இமாம் மற்றவர்களுக்கு முன்னால் தனியாக நிற்க வேண்டும். சுவர் தட்டையாக இருந்தால் அவர் ஒருவருக்காகவே 4 அடி ஆழம் ஒதுக்க வேண்டிவரும். நம் 40 அடிக் கூடத்தில் அது 20 பேர் நிற்கும் இடம். மாடம் 3 அடி குழிந்திருந்தால் இமாம் அதன் வாசலில் கால் வைத்து நின்று, சஜ்தாவை மாடத்துக்குள் செய்துகொள்வார். முதல் சஃப்பு அவருக்குப் பின்னால் உடனே தொடங்கிவிடும். அதற்காக மாடத்தை ஆழமாக்கிக்கொண்டே போகவும் கூடாது. இமாம் முழுவதுமாக உள்ளே மறைந்து நிற்பது, இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி சட்டத்தில் மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது. ஓரங்களில் நிற்பவர்களுக்கு அவருடைய அசைவும் தெரியாமல் போகும். அகலம் 4 அடி, உயரம் 7 அடி, ஆழம் 3 அடி என்பது சிறிய, நடுத்தரப் பள்ளிகளுக்குப் போதுமான அளவு.

மூன்றாவது வேலை குரலுக்கானது. ஓதும்போது இமாமின் முகம் சுவரை நோக்கியும் முதுகு மக்களை நோக்கியும் இருக்கும். வளைந்த மாடம் அவருடைய குரலைச் சேர்த்துப் பின்னால் திருப்பி அனுப்புகிறது. ஒலிபெருக்கி வந்த பிறகு இதே குணம் தொல்லையாகிவிட்டது. பளபளப்பான மார்பிள் பதித்த மாடத்துக்குள் மைக்கை நிறுத்தினால், கூடத்துப் பெட்டிகளிலிருந்து வரும் ஒலியை மாடம் குவித்து மைக்கிலேயே கொட்டும், கீச்சென்று ஊளை கிளம்பும். சட்டையில் குத்தும் சின்ன மைக்கைப் பயன்படுத்தி, ஒலிப்பெட்டிகளை முதல் சஃப்புக்கு மேலே, மக்களைப் பார்த்தவாறு திருப்பி வைத்தால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

மாடத்துக்குள் தொழுகை நேரம் மின்னும் பலகை மாட்டுவதும் இப்போது வழக்கமாகியிருக்கிறது. தொழுகிறவரின் கண் போகும் இடத்தில் ஓடும் சிவப்பு எழுத்து எதற்கு என்று மாட்டுகிறவர்கள் யோசிக்கலாம். பக்கச் சுவரில் மாட்டினாலும் அதே நேரத்தைத்தான் காட்டப்போகிறது.

மிஹ்ராபை நோக்கி நின்றால் அதன் வலப்பக்கத்தில் மிம்பர் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையான குத்பா ஓதும் படிமேடை அது. நபிகளின் மிம்பருக்கு மூன்று படிகள் இருந்ததால் நம் ஊர்களில் பெரும்பாலும் மூன்று படியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மேற்கு என்று கட்டினால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் கிப்லா மேற்கு என்று பேச்சுவழக்கில் சொல்வோம். கணக்குப்படி அது மேற்கிலிருந்து வடக்கே விலகியிருக்கிறது. சென்னையில் ஏறத்தாழ 18 டிகிரி, மதுரையில் 22, கீழக்கரையில் 23, கொழும்பில் 25. சாதாரண உலகப் படத்தில் சென்னைக்கும் மக்காவுக்கும் கோடு போட்டு அளந்தால் 12 டிகிரிதான் வரும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்த படம் என்பதால் வரும் பிழை அது. பூமியின் மேல் மிகக் குறுகிய வழியை எடுத்தால்தான் 18 கிடைக்கும்.

மனையில் திசை குறிக்க நம்பகமான வழி சூரியன்தான். ஒவ்வோர் ஆண்டும் மே 28-ஐ ஒட்டி நம் நேரம் பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 16-ஐ ஒட்டி பிற்பகல் 2.57-க்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். லீப் ஆண்டுகளில் இவை ஒரு நாள் முந்தி வரும். அந்த நிமிடத்தில் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நட்ட 6 அடிக் கம்பின் நிழல் சென்னையில் ஏறத்தாழ 5 அடி நீளம் விழும். நிழலின் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கிக் கயிறு கட்டுங்கள். கயிறு போகும் திசை கிப்லா. மேகம் மறைத்துவிட்டால் முந்தின நாளோ அடுத்த நாளோ அதே நேரத்தில் செய்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

அந்த நாள் வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் திசைகாட்டியை நாடுகிறார்கள். அதை மனைக்கு நடுவில், இரும்புக்கு எட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி கட்டி முடித்த தளத்தின் மேல் நின்று கைபேசியைப் பார்த்தால் முள் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகும். இரண்டடி நகர்ந்து பார்க்கும்போது எண் மாறினால் அந்த அளவை நம்பாதீர்கள். மேற்குக் கோடு சரியாகக் கிடைத்துவிட்டால் மிச்சம் எளிது. அந்தக் கோட்டில் 10 அடி அளந்து, முனையிலிருந்து நேர் வடக்கே 3 அடி 3 அங்குலம் தள்ளிப் புள்ளி வைத்தால், தொடங்கிய இடத்திலிருந்து அந்தப் புள்ளிக்குப் போகும் கோடு சென்னைக்கான 18 டிகிரி. கீழக்கரை என்றால் 4 அடி 2 அங்குலம் தள்ள வேண்டும்.

இதைச் செய்யாமல் தெருவுக்கு இணையாக, நேர் மேற்காகக் கூடத்தைக் கட்டிவிட்டு, பிறகு திசையைத் திருத்தத் தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் 40 அடிக் கூடத்தில் சஃப்புகளை 18 டிகிரி திருப்பி வரைய வேண்டும். ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குப் போவதற்குள் கோடு 13 அடி விலகிவிடும். வடமேற்கு மூலையிலும் தென்கிழக்கு மூலையிலும் முக்கோணங்கள் உண்டாகும், ஒவ்வொன்றும் 260 சதுர அடி. இரண்டும் சேர்ந்தால் கூடத்தின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அங்கேயும் ஆட்கள் நிற்கலாம்தான், ஆனால் எல்லாம் குட்டை சஃப்புகள். அதைவிடச் சங்கடம், பழைய மிஹ்ராப் சுவரில் அப்படியே நின்று தவறான திசையைக் காட்டிக்கொண்டிருப்பது. தனியாக வருகிறவர் விரிப்புக் கோட்டைப் பார்ப்பாரா, மாடத்தைப் பார்ப்பாரா? கோணத்துக்குத் திருப்பிய மர மிஹ்ராப் ஒன்றை முன்னால் நிறுத்தினால் குழப்பம் தீரும்.

பழைய பள்ளிகளின் தொழுகை செல்லாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. தூரத்தில் இருப்பவர் கஃபா இருக்கும் பக்கத்தை நோக்கினாலே போதும் என்பது ஹனஃபி அறிஞர்களின் நிலை. இன்னொரு பிரிவான ஷாஃபியீ சட்டம் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது. உங்கள் பள்ளிக்கு எது பொருந்தும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டும்போது சரியாகக் கட்ட எந்தத் தடையும் இல்லை.

மனையும் தெருவும் ஒரு கோணத்தில், கிப்லா வேறு கோணத்தில் என்றால் என்ன செய்வது? ஈரானில் இஸ்ஃபஹான் நகரத்து ஷா பள்ளிவாசல், 1611-இல் தொடங்கியது, நல்ல பாடம். அதன் வாயில் சதுக்கத்துக்கு நேராக நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் நடைவழி திரும்பி, பள்ளி முழுவதும் ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்து கிப்லாவை நோக்குகிறது. சின்ன மனையிலும் இதே உத்தி செல்லும். முகப்பைத் தெருவோடு சேர்த்துவிட்டுக் கூடத்தை மட்டும் திருப்புங்கள். இடையில் விழும் முக்கோணங்களில் செருப்பு வைக்குமிடம், மாடிப்படி, நூலகம், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யும் இடம் எல்லாம் அடங்கிவிடும்.

குப்பா

தூண் சஃப்பை வெட்டும். இருபக்கமும் ஆள் நிற்க நடுவில் தூண் வருவதைத் தவிர்க்கவே எல்லாரும் விரும்புவார்கள். இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் இல்லாத காலத்தில் தூணில்லாத அகன்ற கூடம் வேண்டுமானால் வளைவும் குப்பாவும்தான் வழி. இஸ்தான்புல்லில் மிமார் சினான் 1550-1557-இல் கட்டிய சுலைமானியா பள்ளியின் நடுக்குப்பா 26 மீட்டருக்கும் மேல் விட்டம் கொண்டது. அதன் பாரத்தை நான்கே பெரிய தூண்கள் தாங்குகின்றன. கீழே ஆயிரக்கணக்கானோர் இடையூறின்றி சஃப்பு கட்டலாம். சூடான காற்று மேலே போகும், அடிவிளிம்புச் சன்னல்களால் வெளிச்சம் கூடத்தின் நடுவுக்கே வரும்.

குப்பாவின் கெட்ட குணம் எதிரொலி. குழிந்த பரப்பு ஒலியைக் குவித்துக் கீழே அனுப்பும். வளைவின் மையப்புள்ளி ஆட்களின் தலைமட்டத்துக்கு அருகில் வந்தால் ஓதுவது எதுவும் விளங்காது. சினான் தன் குப்பாக்களின் பூச்சுக்குள் வாய் திறந்த காலி மண்ஜாடிகளைப் பதித்து ஒலியை அடக்கப் பார்த்திருக்கிறார். உங்கள் பள்ளியில் சோதிக்க, குப்பாவுக்குக் கீழே நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ஒலி அடங்க ஒரு விநாடிக்கு மேல் நன்றாக நீண்டால் குத்பாவின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்போது ஒலியைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் பல சிறிய பெட்டிகளைத் தூண்தோறும், காதுக்கு அருகில் வைப்பதே தீர்வு. தடித்த விரிப்பும் உதவும்.

இன்று நம் ஊர்களில் கட்டப்படும் பல குப்பாக்கள் தட்டைக் கான்கிரீட் தளத்தின்மேல் அலங்காரத்துக்காக வைத்தவை. அடியில் திறப்பே இருக்காது. வெளிச்சமோ காற்றோ வராது, செலவு மட்டும் உண்டு. குப்பா தளத்தோடு சேரும் வட்ட மூட்டில்தான் முதலில் ஒழுகும். மேற்கூரையின் உட்புறத்தில் பிறை வடிவ ஈரக்கறை தெரிந்தால் அந்த மூட்டைத்தான் பார்க்க வேண்டும். மூட்டைச் சுற்றிச் சரிவாகப் பூசி, நீர் தேங்காமல் தூம்புக்குப் போக வழி விட்டிருந்தால் இந்தத் தொல்லை வராது.

மினாரா

நபிகள் காலத்தில் பிலால் உயரமான கூரையில் ஏறி, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னார். மினாரா பிறகு வந்தது. பாங்கு சொல்லும் மோதினாரின் குரல் வீடுகளைத் தாண்டிப் போவதற்கு உயரம் உதவியது உண்மை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் டெல்லி குதுப் மினாரின் 72.5 மீட்டர் உயரத்துக்கு விளக்கம் இல்லை, அந்த உச்சியிலிருந்து கூப்பிடும் மனிதக் குரல் தரையில் தெளிவாகக் கேட்பது கடினம். இங்கே ஒரு பள்ளியும் ஆட்சியும் இருக்கின்றன என்று தூரத்துக்கு அறிவிப்பதே அதன் முக்கிய வேலை. மினாரா இல்லாத தமிழகப் பள்ளிகள் பலவற்றில் நகரா என்ற முரசை அடித்து நேரம் அறிவித்தார்கள்.

இன்றைக்கு மினாராவில் ஏறுவது ஒலிபெருக்கி மட்டும். இந்திய ஒலி மாசு விதிகள் (2000) வெளியிடத்து ஒலிபெருக்கியை இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதிப்பதில்லை. குடியிருப்புப் பகுதிக்கான பகல் வரம்பு 55 டெசிபல். அதிகாலை சுபுஹு பாங்கு பெரும்பாலும் 6 மணிக்கு முன்பே வந்துவிடுவதால் பள்ளியை நிர்வகிக்கும் முத்தவல்லிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. உயரமான மினாராவுக்கு இடிதாங்கியும் தரையோடு சேரும் தனிச் செம்புப் பட்டையும் வேண்டும். இடிதாங்கி இருந்தும் அடிப்பட்டை திருட்டுப் போயிருந்தால் பயனில்லை, ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முற்றம்

மதீனாவின் முதல் பள்ளி பெரும்பாலும் முற்றமாகத்தான் இருந்தது. கூரை வேய்ந்த பகுதி சிறியது. பள்ளிக்குள் சமூகம் என்ற ஒன்று கண்ணில் படுவது இங்கேதான். ஒளுச் செய்வது, ஜும்ஆவுக்குக் கூட்டம் வழிவது, நிக்காஹ், ரமலானில் நோன்புக் கஞ்சி, ஜமாஅத் பஞ்சாயத்து, ஜனாஸா என்று எல்லாவற்றுக்கும் முற்றம் வேண்டும்.

ஒளுச் செய்யும் நீர்த்தொட்டியான ஹவுளின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. தேங்கிய நீரில் பலர் கை விட்டு ஒளுச் செய்தால் நீர் சுத்தமாகவே இருக்குமா என்ற கேள்விக்கு ஹனஃபி சட்டம் 10 முழத்துக்கு 10 முழம் என்று விடை சொல்கிறது. ஒரு முழம் ஒன்றரை அடி, ஆகவே 15 அடிக்கு 15 அடி. பழைய பள்ளிகளின் ஹவுள் குளம்போல அகன்றிருப்பதற்குக் காரணம் இதுதான். ஷாஃபியீ சட்டத்தில் அளவு குல்லத்தைன், ஏறத்தாழ 200 லிட்டர் சொச்சம். கடற்கரை ஊர்களில் ஷாஃபியீகள் அதிகம். ஹவுள் இருக்கும் பள்ளியில் அதைத் தூர்த்துவிட்டுக் குழாய் போட அவசரப்படாதீர்கள். ஒளுவுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான நீரே போதும் என்பது நபிவழி. திறந்துவிட்ட குழாயில் ஒருவர் 5 லிட்டர் செலவழித்தால் 200 பேர் வரும் ஜும்ஆவுக்கு 1000 லிட்டர் போய்விடும். குழாய்தான் வேண்டும் என்றால் கழிவுநீரை முற்றத்து மரங்களுக்குத் திருப்புங்கள்.

ஒளுச் செய்யும் இடத்திலிருந்து விரிப்புக்கு வரும் வழிதான் எல்லாப் பள்ளிகளிலும் பிரச்சினை. ஈரக்கால் நேராக விரிப்பில் ஏறினால் சில மாதங்களில் வாடை வந்துவிடும். நடுவில் ஏழெட்டு அடி சொரசொரப்பான தளம் விட்டால் கால் உலரும், முதியவர்கள் வழுக்கி விழவும் மாட்டார்கள். செருப்பு ஹவுளுக்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

ஜும்ஆவுக்கு வெளியே வழிகிறவர்களுக்காக முற்றத்துத் தளக்கற்களின் கோடுகளையும் கிப்லாவுக்குச் செங்குத்தாக, 4 அடி இடைவெளியில் பதியுங்கள். பிறகு யாரும் கயிறு பிடிக்க வேண்டியதில்லை. மதியம் ஒரு மணி வெயிலில் கருங்கல் தளத்தில் நெற்றி வைக்க முடியாது, ஆகவே வெளிர் நிறக் கல்லோ பந்தலோ தேவை. சிலர் பந்தல் காலைச் சரியாக சஃப்புக் கோட்டிலேயே நட்டுவிடுவார்கள். கோட்டுக்குப் பின்னால் ஓரடி தள்ளி நட்டாலும் ஒருவர் நெற்றி வைக்கும் இடத்தில்தான் வரும். பக்கவாட்டு ஓரங்களில் மட்டும் கால் ஊன்றி, மேலே நீளக் குழாய் போடுவது நல்லது.

பள்ளியின் எல்லை எது என்பதையும் கட்டும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். பள்ளியிலேயே தங்கி வணங்கும் இஃதிகாஃப் இருப்பவர் தேவையில்லாமல் பள்ளி எல்லையை விட்டு வெளியேறக் கூடாது. முற்றம் எல்லைக்குள் அடங்குமா என்று ரமலான் கடைசிப் பத்தில் உட்கார்ந்து விவாதிப்பதைவிட, வக்ஃபு ஆவணத்திலேயே கோடு போட்டுக் காட்டிவிடலாம். கஞ்சி காய்ச்சும் இடம், மதரஸா, கூட்ட அறை ஆகியவை அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதுதான் வசதி.

இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையைப் பள்ளிக்குள் நடத்துவதை ஹனஃபிகள் விரும்புவதில்லை, ஆகவே முற்றத்திலோ வெளியிலோ வைப்பார்கள். இந்தத் தொழுகையில் ருகூவும் சஜ்தாவும் இல்லை, நின்றபடியே முடிந்துவிடும். அதனால் சஃப்புக்கு 4 அடி வேண்டாம், 2 அடி போதும். 200 பேருக்கான முற்றத்தில் 400 பேர் நிற்கலாம். இறந்தவரின் உடலைக் கிடத்தும் சந்தூக் இமாமுக்கு முன்னால் வைக்கப்படும் என்பதால் கிப்லாப் பக்கம் 8 அடியாவது காலியாக இருக்க வேண்டும். நான்கு பேர் தோளில் தூக்கி வருவார்கள், மாறிமாறித் தோள் கொடுப்பவர்கள் பக்கத்தில் நெருக்குவார்கள். ஆகவே வாசல் 6 அடிக்குக் குறையக் கூடாது. உயரமான படி இருந்தால் அதன் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதையும் கட்டிவிடுங்கள்.